ஒரே விற்பனை, இரண்டு லாபம்: அப்சார்ப்ஷன் காஸ்டிங், மார்ஜினல் காஸ்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு முறைக்கும் உண்மையிலேயே என்னதான் வித்தியாசம்? புத்தகத்தில் பத்துப் பதினைந்து பாயின்ட் போட்டிருக்கிறார்கள்.

வித்தியாசம் ஒன்றுதான். தொழிற்சாலையின் நிலைச்செலவு சரக்கின் அடக்கவிலையில் சேருமா, சேராதா என்பதே அது. மற்ற எல்லாம் அதிலிருந்து வருபவை.

ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், இயந்திரத் தேய்மானம், மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் ஆகியவை ஒரு பொருள் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அந்த மாதத்தில் வந்தே தீரும். இவற்றை அப்சார்ப்ஷன் முறை செய்த பொருள்களின் மேல் பங்கிட்டு ஏற்றுகிறது. ஆகவே விற்காமல் குடோனில் கிடக்கும் பொருளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மார்ஜினல் முறை அப்படிப் பங்கிடுவதில்லை. இந்த மாத வாடகை இந்த மாதத்தின் செலவு என்று முழுவதையும் லாப நட்டக் கணக்கில் எழுதிவிடுகிறது. அங்கே சரக்கிருப்பின் மதிப்பில் மூலப்பொருள், துண்டுக்கூலி போன்ற மாறும் உற்பத்திச் செலவு மட்டுமே இருக்கும்.

ஆபீஸ் செலவும் விற்பனைச் செலவும் எந்த முறையிலும் ஸ்டாக்கில் ஏறாது. பலர் "அப்சார்ப்ஷன் என்றால் எல்லாச் செலவும்" என்று நினைத்து இவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். உற்பத்தியோடு தொடர்புள்ள செலவு மட்டும்தான் ஏறும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். அதே மாதம், அதே விற்பனை, எப்படி இரண்டு லாபம் வரும்?

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. டீலருக்குப் போகும் விலை ரூ.4,000. மோட்டார், கல், டிரம், பெல்ட், பாடி, அசெம்ப்ளிக்குத் துண்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு கிரைண்டருக்கு மாறும் செலவு ரூ.2,600. தொழிற்சாலையின் நிலைச்செலவு மாதம் ரூ.6,00,000. ஆபீஸ், விற்பனைச் செலவு மாதம் ரூ.3,00,000, இதுவும் நிலையானது என்றே வைப்போம். யூனிட் வழக்கமாக மாதம் 1,000 கிரைண்டர் செய்கிறது. அப்படியானால் ஒரு கிரைண்டரின் தலையில் ஏறும் நிலைச்செலவு ரூ.600. அப்சார்ப்ஷன் முறையில் அதன் அடக்கவிலை ரூ.3,200, மார்ஜினல் முறையில் ரூ.2,600.

மூன்று மாதமும் உற்பத்தி 1,000 தான். விற்பனை மட்டும் மாறுகிறது. ஆகஸ்டில் செய்தது அத்தனையும் விற்றது. செப்டம்பரில் தீபாவளிக்காக 300 சேர்த்துவைத்தார்கள். அக்டோபரில் அதுவும் சேர்ந்து போனது.

| | ஆகஸ்ட் | செப்டம்பர் | அக்டோபர் | மொத்தம் |
|---|---|---|---|---|
| உற்பத்தி | 1,000 | 1,000 | 1,000 | 3,000 |
| விற்பனை | 1,000 | 700 | 1,300 | 3,000 |
| மார்ஜினல் லாபம் (ரூ.) | 5,00,000 | 80,000 | 9,20,000 | 15,00,000 |
| அப்சார்ப்ஷன் லாபம் (ரூ.) | 5,00,000 | 2,60,000 | 7,40,000 | 15,00,000 |

செப்டம்பரை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மார்ஜினல் முறையில் ஒரு கிரைண்டர் விற்றால் கான்ட்ரிப்யூஷன் 4,000 − 2,600 = ரூ.1,400. 700 விற்றால் ரூ.9,80,000. அதிலிருந்து தொழிற்சாலை 6,00,000, ஆபீஸ் 3,00,000 இரண்டும் முழுதாகக் கழிகின்றன. மிச்சம் ரூ.80,000.

அப்சார்ப்ஷன் முறையில் ஒரு கிரைண்டருக்கு லாபம் 4,000 − 3,200 = ரூ.800. 700க்கு ரூ.5,60,000. இனிக் கழிக்க இருப்பது ஆபீஸ் செலவு 3,00,000 மட்டுமே. மிச்சம் ரூ.2,60,000.

இடையில் ரூ.1,80,000 வித்தியாசம். தொழிற்சாலைக்கு 6,00,000 செலவானது இரண்டு கணக்கிலும் உண்மை. ஆனால் அப்சார்ப்ஷன் கணக்கில் விற்ற 700 கிரைண்டர்கள் சுமந்தது 4,20,000தான். மீதி 1,80,000 விற்காத 300 கிரைண்டரோடு குடோனில் உட்கார்ந்திருக்கிறது, இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக. அக்டோபரில் அந்த 300 விற்றபோது அந்த 1,80,000மும் சேர்ந்து செலவாக வெளியே வந்தது. அதனால்தான் அக்டோபரில் அப்சார்ப்ஷன் லாபம் சரியாக அதே 1,80,000 குறைவு.

மூன்று மாத மொத்தத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஸ்டாக் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டதால். செலவு எந்த மாதத்தில் விழுகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஸ்டாக் ஏறினால் எது அதிகம், இறங்கினால் எது அதிகம்? எனக்கு எப்போதும் குழம்புகிறது.

மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த ஒரு வரி போதும்:

```
அப்சார்ப்ஷன் லாபம் − மார்ஜினல் லாபம்
  = இறுதி ஸ்டாக்கில் உள்ள நிலைச்செலவு − தொடக்க ஸ்டாக்கில் உள்ள நிலைச்செலவு
```

ஸ்டாக் ஏறினால் வலப்பக்கம் கூட்டல், அப்சார்ப்ஷன் லாபம் அதிகம். இறங்கினால் கழித்தல், மார்ஜினல் லாபம் அதிகம்.

தொடக்க ஸ்டாக்கும் இறுதி ஸ்டாக்கும் ஒரே எண்ணிக்கை. அப்படியும் இரண்டு லாபமும் ஒத்துவரவில்லையே?

மேலே உள்ள வரியில் நான் ஸ்டாக்கின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, அதில் உள்ள நிலைச்செலவைச் சொன்னேன். "ஸ்டாக் மாறாவிட்டால் லாபம் சமம்" என்பது ஒரு கிரைண்டருக்கு ஏற்றும் வீதம் மாறாதவரை மட்டுமே செல்லும்.

பல சிறு யூனிட்களில் மாதச் செலவை அந்த மாத உற்பத்தியால் வகுத்து வீதம் போடுகிறார்கள். மாதத் தொடக்கத்தில் கையில் 300 கிரைண்டர், ஒவ்வொன்றிலும் ரூ.600 நிலைச்செலவு, ஆக 1,80,000. இந்த மாதம் 800தான் செய்தார்கள். 6,00,000ஐ 800ஆல் வகுத்தால் வீதம் ரூ.750. விற்றதும் 800. பழைய சரக்கு முதலில் போகும் என்று கொண்டால் கடைசியில் இருப்பது புதிய 300, அதில் உள்ள நிலைச்செலவு 2,25,000. எண்ணிக்கை அசையவே இல்லை, ஆனால் அப்சார்ப்ஷன் லாபம் ரூ.45,000 கூடுதலாக நிற்கும். போட்டுப் பாருங்கள்: மார்ஜினலில் 2,20,000, அப்சார்ப்ஷனில் 2,65,000.

இதில் கவலைக்குரியது ஒன்று இருக்கிறது. உற்பத்தி குறைந்த மோசமான மாதத்தில்தான் வீதம் ஏறி, ஸ்டாக்கின் மதிப்பும் ஏறுகிறது. வேலை இல்லாமல் நின்ற இயந்திரத்தின் செலவு சரக்கின் மதிப்பாக மாறிவிடுகிறது. கணக்கியல் தரநிலை இதற்குத்தான் தடை போடுகிறது. அது கொஞ்சம் கீழே வரும்.

போன மாதத்தைவிட விற்பனை கூடியிருக்கிறது, விலையும் செலவும் மாறவில்லை. ஆனால் லாபம் குறைந்திருக்கிறது. அக்கவுண்டன்ட் தப்பாகப் போட்டுவிட்டாரா?

அவர் சரியாகப் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். உற்பத்தி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அந்த செப்டம்பருக்குப் பிறகு அக்டோபர் வேறு மாதிரி போனதாக வைப்போம். ஆர்டர் எதிர்பார்த்தபடி வரவில்லை. குடோனில் 300 இருப்பதால் 600தான் செய்தார்கள். விற்றது 800, அதாவது செப்டம்பரைவிட 100 கூடுதல்.

வீதம் ரூ.600 என்றே வைத்தால் 600 கிரைண்டர் ஏற்றுக்கொண்டது 3,60,000. தொழிற்சாலைக்கு ஆனது 6,00,000. ஏற்றப்படாமல் நின்ற 2,40,000 நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். 800 × 800 = 6,40,000; அதிலிருந்து ஆபீஸ் 3,00,000, இந்த 2,40,000 இரண்டும் போனால் மிச்சம் ரூ.1,00,000. செப்டம்பரில் 700 விற்றபோது காட்டியது ரூ.2,60,000. நூறு கூட விற்றதற்கு லாபம் 1,60,000 குறைந்தது போலத் தெரிகிறது.

மார்ஜினலில் அதே இரண்டு மாதம் ரூ.80,000, ரூ.2,20,000. கூடுதலாக விற்ற 100க்கு 1,400 வீதம் சரியாக 1,40,000 ஏறியிருக்கிறது. விற்பனை மேலாளர் எதிர்பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1936இல் அமெரிக்காவில் ஒரு ரசாயன நிறுவனத்தின் கணக்குத் தலைவராக இருந்த ஜொனாதன் ஹாரிஸ் இதே பிரச்சினையை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் மார்ஜினல் முறை அங்கே பரவலாகப் பேசப்பட ஆரம்பித்தது. விற்பனை கூடிய மாதத்தில் லாபம் ஏன் குறைந்தது என்ற முதலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே வருகிறது.

அப்படியென்றால் விற்காமலேயே உற்பத்தியை மட்டும் ஏற்றி லாபம் காட்டிவிடலாமா?

காட்டலாம். ஆகவேதான் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கையில் ஸ்டாக் இல்லாமல் தொடங்கும் ஒரு மாதம். விற்பனை 700தான், மாறப்போவதில்லை. செலவை உண்மையான உற்பத்தியால் வகுக்கும் யூனிட்டில் 700 மட்டும் செய்தால் லாபம் ரூ.80,000. 1,000 செய்தால் 2,60,000. 1,200 செய்தால் வீதம் ரூ.500 ஆகக் குறைந்து லாபம் 3,30,000. வாங்குபவர் ஒருவர்கூடக் கூடவில்லை. மார்ஜினல் கணக்கு மூன்று நிலையிலும் ரூ.80,000 என்றே சொல்லும்.

இப்போது பணத்தைப் பாருங்கள். எல்லாம் ரொக்கம் என்றே வைப்போம், தேய்மானத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். 1,200 செய்ய மாறும் செலவு 31,20,000, நிலைச்செலவு எல்லாம் சேர்த்து 9,00,000, ஆக வெளியே போனது 40,20,000. உள்ளே வந்தது 28,00,000. கணக்கில் ரூ.3,30,000 லாபம், கையில் ரூ.12,20,000 குறைவு. அந்தப் பணம் விற்காத 500 கிரைண்டராக நிற்கிறது.

யாரும் வேண்டுமென்றே இதைச் செய்வதாகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அளவுகோல்தான் இழுத்துக்கொண்டு போகிறது. உற்பத்தி மேலாளரின் போனஸ் மாத லாபத்தைப் பார்த்தோ, ஒரு கிரைண்டரின் அடக்கவிலையைப் பார்த்தோ கிடைக்கும் என்றால் அவர் இயந்திரத்தை நிறுத்த மாட்டார். 1,200 செய்தால் அடக்கவிலை 3,200லிருந்து 3,100 ஆகிவிடுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். விற்பனை நின்ற இடத்திலேயே நிற்க, லாபமும் ஸ்டாக்கும் சேர்ந்து ஏறினால் சந்தேகப்படுங்கள். லாபம் நன்றாக இருக்கும்போதே வங்கியின் கேஷ் கிரெடிட் வரம்பு முழுவதும் எடுக்கப்பட்டிருந்தால் இன்னும் அழுத்தமாகச் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, இறுதி ஸ்டாக்கில் எத்தனை ரூபாய் நிலைச்செலவு இருக்கிறது என்று மாதாமாதம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஓர் எண் ஏறிக்கொண்டே போனால், ஏறிய அளவு லாபம் இன்னும் விற்பனையால் சம்பாதிக்கப்படவில்லை என்று பொருள்.

வருடக் கணக்கில் மார்ஜினல் முறையில் ஸ்டாக்கை மதிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

இந்தியாவில் நிறுவனங்களின் வெளிக்கணக்குக்கு அது முடியாது. சரக்கிருப்புக்கான ஏஎஸ் 2, பெரிய நிறுவனங்களுக்கான இண்ட் ஏஎஸ் 2 இரண்டுமே நிலையான உற்பத்திச் செலவையும் ஸ்டாக்கில் சேர்க்கச் சொல்கின்றன. வருமான வரிக்கான ஐசிடிஎஸ் 2உம் அதே வழிதான். சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 2உம் அப்படித்தான்.

ஆனால் உற்பத்தியை வைத்து லாபத்தை ஆட்டும் வழியைத் தரநிலை ஓரளவு அடைத்திருக்கிறது. நிலைச்செலவை அந்த மாத உற்பத்தியால் அல்ல, இயல்பான உற்பத்தித் திறனால் வகுக்க வேண்டும். இயல்பு என்றால் சாதாரண நிலையில் பல காலகட்டங்களின் அல்லது சீசன்களின் சராசரி. திட்டமிட்ட பராமரிப்புக்கு நிற்கும் நேரத்தையும் கழித்துப் போட வேண்டும். உற்பத்தி குறைந்ததற்காக வீதத்தை ஏற்றக் கூடாது. ஏற்றப்படாமல் மிஞ்சுவது அந்தக் காலத்தின் செலவு. மேலே 600 செய்த மாதத்தில் 2,40,000ஐ நேராகக் கழித்தது இதனால்தான். 800 செய்துவிட்டு ரூ.750 போட்டது இங்கே செல்லாது.

உற்பத்தி இயல்பைவிட மிக அதிகமானால் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். 1,200 செய்த மாதத்தில் பழைய ரூ.600 வீதத்திலேயே ஏற்றினால் 7,20,000 ஏறிவிடும், செலவானதோ 6,00,000தான். செலவுக்கு மேல் ஸ்டாக்கை மதிப்பிடக் கூடாது என்பதால் வீதத்தை ரூ.500க்குக் குறைக்க வேண்டும். குறைக்காமல், கூடுதலாக ஏறிய 1,20,000ஐ லாபத்தில் கூட்டிக்கொண்டால் அந்த மாத லாபம் 3,80,000 என்று வரும். குறைத்தால் 3,30,000.

கவனித்தீர்களானால், குறைத்த பிறகும் 3,30,000 நிற்கிறது, 80,000க்கு வந்துவிடவில்லை. வீதம் ஊதுவதைத் தரநிலை தடுக்கிறது. ஸ்டாக் சேர்வதால் செலவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போவதை அது தடுக்கவில்லை, தடுக்கவும் நினைக்கவில்லை. ஒரு பொருளை விற்கும் நிலைக்குக் கொண்டுவர ஆன செலவில் ஷெட்டுக்கும் பங்குண்டு என்பது அதன் நிலைப்பாடு, அதில் நியாயமும் இருக்கிறது. தீபாவளிக்காக செப்டம்பரில் செய்து வைக்கும் யூனிட்டுக்கு அந்த 300 கிரைண்டர் உண்மையிலேயே அக்டோபரின் வருமானம்தான்.

சேர்த்துவைத்தது விற்கவே இல்லை, கடைசியில் விலை குறைத்துத் தள்ளவேண்டியிருந்தால்?

அப்போது அப்சார்ப்ஷன் கணக்கில் அடி முன்னதாகவே விழும். தீபாவளி முடிந்து 300 கிரைண்டர் மிஞ்சிவிட்டது. இனி விற்பனைச் செலவு போக ரூ.3,000தான் தேறும் என்று வைப்போம். ஸ்டாக் அடக்கவிலை அல்லது நிகரமாகத் தேறும் விலை, இரண்டில் குறைந்ததில் நிற்க வேண்டும். ரூ.3,200 மதிப்பில் இருந்ததை 3,000க்கு இறக்கி 60,000 நட்டத்தை உடனே எழுத வேண்டும். மார்ஜினல் கணக்கில் அவை ரூ.2,600இல் நிற்பதால் இறக்க ஒன்றுமில்லை. பிறகு விற்கும்போது தலைக்கு ரூ.400 கான்ட்ரிப்யூஷன்கூடக் காட்டும்.

தள்ளிவைத்த செலவு திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் அப்சார்ப்ஷன் முறை நிற்கிறது. சரக்கு விற்காது என்று தெரிந்த நாளில் அந்த நம்பிக்கையையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பரீட்சையில் எங்கே மார்க் போகிறது?

பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, விற்பனைக் கமிஷன் போன்ற மாறும் விற்பனைச் செலவை மார்ஜினல் ஸ்டாக் மதிப்பில் சேர்த்துவிடுவது. கான்ட்ரிப்யூஷனில் அதைக் கழிக்க வேண்டும், ஸ்டாக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, குறைவாக ஏறிய அல்லது கூடுதலாக ஏறிய நிலைச்செலவைச் சரிக்கட்ட மறப்பது. உற்பத்தி இயல்பு அளவிலிருந்து மாறியிருந்தால் அந்த வரி கட்டாயம் இருக்கும். விடையை முடித்ததும் மேலே சொன்ன ஒற்றைவரிச் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு லாபத்தின் வித்தியாசமும் அதுவும் ஒத்துவராவிட்டால் தப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

எங்கள் யூனிட்டில் மாத ரிப்போர்ட்டுக்கு எதை வைத்துக்கொள்ளலாம்?

என் பரிந்துரை: மாத ரிப்போர்ட் மார்ஜினலில், வருடக் கணக்கு அப்சார்ப்ஷனில். விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் லாபம்தான் மாதாமாதம் முடிவெடுக்க உதவும்.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு. எது மாறும் செலவு, எது நிலைச்செலவு என்று நேர்மையாகப் பிரிக்க வேண்டும். அசெம்ப்ளி ஆட்களுக்குத் துண்டுக்கூலி என்றால் மாறும் செலவு. மாதச் சம்பளம் என்றால், ஆர்டர் குறைந்தாலும் கொடுத்தாக வேண்டும், அது நிலைச்செலவு. கூலி என்று பெயர் இருப்பதற்காக அதை மாறும் செலவில் போட்டால் மார்ஜினல் ஸ்டாக்கிலும் நிலைச்செலவு நுழைந்துவிடும், மேலே பார்த்த அதே தோற்றம் சின்ன அளவில் திரும்பவும் வரும். மின்கட்டணத்தையும் யூனிட் கட்டணம், டிமாண்ட் சார்ஜ் என்று பில்லைப் பார்த்துப் பிரியுங்கள்.

மார்ஜினல் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ரூ.2,600 என்ற எண்ணையே பார்த்துப் பழகிய விற்பனைக்காரர் ரூ.3,000க்கு ஆர்டர் எடுத்துவிட்டு ரூ.400 லாபம் என்பார். இயந்திரம் சும்மா நிற்கும் மாதத்தில் ஒரு தனி ஆர்டருக்கு அது சரிதான். எல்லா ஆர்டரும் அந்த விலைக்கே போனால் 1,000 விற்றாலும் கான்ட்ரிப்யூஷன் 4,00,000, மாத நிலைச்செலவு 9,00,000.

ரிப்போர்ட்டின் அடியில் மூன்று வரி சேர்த்துவிடுங்கள்: மார்ஜினல் லாபம், ஸ்டாக்கில் உள்ள நிலைச்செலவின் மாற்றம், அப்சார்ப்ஷன் லாபம். செப்டம்பருக்கு அது 80,000, கூட்டல் 1,80,000, 2,60,000 என்று வரும். ஆடிட்டர் வருட முடிவில் கேட்கும் எண்ணும் மேலாளர் மாதாமாதம் பார்க்கும் எண்ணும் ஒரே தாளில் இருக்கும், நடுவில் உள்ள 1,80,000 எந்த 300 கிரைண்டரில் இருக்கிறது என்று குடோனுக்குப் போய் எண்ணியும் பார்த்துவிடலாம்.